சாரைத் தோலும் கட்டுவிரியன் நஞ்சும்

காஞ்சிபுரம் என்றால் பட்டு. ஆனால் 1950களிலும் 60களிலும் இந்த வட்டாரத்திலிருந்து கப்பலேறிய இன்னொரு சரக்கு உண்டு. அதைப் பற்றி ஊரில் யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. அது பாம்புத் தோல். ஐரோப்பிய நகரங்களில் கைப்பையாகவும் செருப்பாகவும் இடுப்புப் பட்டையாகவும் விற்ற அந்தத் தோலுக்கு இங்குள்ள நெல்வயல்களின் வரப்புகள்தான் ஊற்று. சாரை, நல்ல பாம்பு, தண்ணீர்ப் பாம்பு, கண்ணாடி விரியன், மலைப்பாம்பு என்று வகைக்கொரு விலை இருந்தது. நாடு முழுவதிலுமிருந்து ஆண்டுக்குப் பல லட்சம் தோல்கள் வெளியே போயின. சென்னை அந்த வணிகத்தின் முக்கியமான சந்தைகளில் ஒன்று.

பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் இன்று காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. மூன்றிலும் அவர்கள் சிதறி வாழ்கிறார்கள். காலைப் பனியில் மண்ணில் படிந்த தடத்தைப் பார்த்து, போனது சாரையா விரியனா, எவ்வளவு நேரத்துக்கு முன் போனது, எந்த வளைக்குள் நுழைந்தது என்று அவர்களால் சொல்ல முடியும். கையில் ஒரு கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை. இந்தப் படிப்பு அவர்களுக்கு எலி பிடித்தும், உடும்பு பிடித்தும், ஈசல் பிடித்தும் தலைமுறை தலைமுறையாக வந்தது. தோல் வணிகம் அதற்கு ஒரு விலை வைத்தது, அதுவும் மிகச் சொற்பமான விலை. பிடித்தவனுக்கு ஒரு சாரைக்குக் கிடைத்தது சில ரூபாய். ஊருக்கு வரும் தரகர், அவருக்கு மேல் வியாபாரி, உப்பிட்டுக் காயவைத்த தோலைப் பதனிடும் தொழிற்சாலை, ஏற்றுமதியாளர், அங்கே தைப்பவர், கடைக்காரர் என்று ஒவ்வொரு படியிலும் தொகை பெருகிக்கொண்டே போனது. கடைசியில் வாங்கிய பெண்மணிக்குச் சாரை என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது.

வன உயிரினக் கடத்தலைப் பற்றிப் பேசும்போது வேட்டைக்காரனிடமிருந்தே கதையைத் தொடங்குவது நம் வழக்கம். செய்தித்தாள் படங்களிலும் அவன்தான் தரையில் குந்தியிருப்பான். வனத்துறையினர் பின்னால் நிற்பார்கள். தோல் வணிகத்தில் வேட்டைக்காரன் எதையும் தீர்மானிக்கவில்லை. எந்தத் தோல் வேண்டும், எவ்வளவு நீளம் வேண்டும், எந்தப் பருவத்தில் வேண்டும் என்பதெல்லாம் கடல் தாண்டி முடிவாயின. இங்கே உள்ளூரில் பாம்புத் தோலுக்குத் தேவையே இல்லை. புற்றுக்குப் பால் ஊற்றி முட்டை வைக்கிற ஊர் இது. வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட வரிசையில் நிற்கிற ஊர். அந்தப் பக்தி வரப்பில் போன சாரையை ஒருநாளும் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். புற்றில் இருப்பது தெய்வம், வயலில் ஓடுவது வெறும் பாம்பு என்று மனம் எளிதாகப் பிரித்துக்கொள்கிறது. மரபான நம்பிக்கைகளே உயிரினங்களைக் காத்தன என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதே ஆண்டு சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்திலும் இந்தியா சேர்ந்தது. 1986இல் சட்டத்தைத் திருத்தி, அட்டவணையில் உயர்நிலையில் இருக்கும் விலங்குகளின் உடற்பொருள்களை உள்நாட்டிலும் விற்கக் கூடாது என்றார்கள். ஏற்றுமதி அடைபட்டதும் வணிகம் மெல்ல இறங்கியது. தேவை முழுக்க வெளிநாட்டில் இருந்ததுதான் இதற்கு உதவியது. கப்பல் கணக்கில் போகிற சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்தலாம். உள்ளூரில் கிலோ கணக்கில் தின்கிற இறைச்சியை அப்படி நிறுத்த முடியாது. தடை பலித்த வணிகங்களையும் பலிக்காத வணிகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சட்டம் எவ்வளவு கடுமையானது என்பதை விடச் சரக்கு எந்தக் குறுகிய வாசல் வழியாகப் போக வேண்டியிருந்தது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

ஆனால் சட்டத்தின் இன்னொரு விளைவு இருளர் குடிசையில் விழுந்தது. நேற்றுவரை கைத்திறனாக இருந்தது ஒரே கையெழுத்தில் குற்றமாயிற்று. காடு ஏற்கெனவே அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது. நிலம் இல்லை, பட்டா இல்லை, பலருக்கு ஊர்ப் பெயர் எழுதிய ஒரு காகிதம்கூட இல்லை. சிலர் மறைவாகத் தோலெடுத்தார்கள். பெரும்பாலோர் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த முன்பணம் தீர்வதே இல்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரத்தை ஒட்டிய கோனேரிக்குப்பத்திலும் வேலூர்ப் பக்கத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமையிலிருந்து அதிகாரிகள் மீட்டார்கள். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழும் படம் அப்போது நாடெங்கும் பரவியது. அதற்கும் பாம்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொழிலை மூடுகிறவர்கள் அடுத்த வேளைச் சோற்றை யோசிக்காவிட்டால், சோற்றைக் கொடுக்க வேறு யாராவது வருவார்கள். பெரும்பாலும் கடன் கொடுக்கிறவர்கள்தான் வருவார்கள். தொடர்பு அதுதான்.

இதே வட்டாரத்தில் இதற்கு ஒரு மாற்றும் தோன்றியது. சென்னைப் பாம்புப் பண்ணையையும் பின்னர் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர், தோல் வணிகக் காலத்திலேயே இருளர்களோடு அலைந்து அவர்கள் திறமையை அறிந்தவர். அவரது முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. முதலைப் பண்ணை வளாகத்திலேயே அது இயங்கிவருகிறது. அந்த இடம் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது செங்கல்பட்டு மாவட்டம்.

யோசனை எளிமையானது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை மட்டும் எடுத்து, பாம்பைத் திருப்பி விட்டுவிடுவது. நஞ்சை வாங்க ஆள் இருந்தது. விஷமுறிவு மருந்து செய்கிற நிறுவனங்களுக்கு அது இல்லாமல் ஆகாது. சட்டத்திலும் இடம் இருந்தது. வேட்டையைத் தடை செய்யும் அதே 1972 சட்டத்தின் 12ஆம் பிரிவு, சில தேவைகளுக்கு மட்டும் அனுமதி தரலாம் என்கிறது. கல்வி, அறிவியல் ஆய்வு போன்றவற்றோடு, உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பின் நஞ்சைச் சேகரிப்பதும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒற்றை வரி இல்லாவிட்டால் சங்கமே இல்லை. சமூகம் சார்ந்த மாற்றுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மக்களின் ஈடுபாட்டைப் பற்றி நிறைய எழுதுவார்கள். சட்டத்தில் இப்படி ஒரு சன்னல் திறந்திருந்ததா என்று பார்ப்பவர்கள் குறைவு.

ஒரு கட்டுவிரியன் சங்கத்துக்குள் வந்து வெளியே போகும் பாதையைத் தொடர்ந்து பார்க்கலாம். உறுப்பினர் ஒருவர் இரவு நேரத்தில் அதைப் பிடிக்கிறார்; கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். துணிப்பையில் போட்டு, பையின் வாயைக் கட்டிக்கொண்டு வந்து சங்கத்தில் ஒப்படைக்கிறார். அங்கே எடை, நீளம், பால், பிடித்த இடம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். வயிற்றுப் பக்கச் செதில்களையும் பார்க்கிறார்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். நான்கே வகைப் பாம்புகளைத்தான் வாங்குவார்கள்: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன். நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நான்கும்தான் காரணம் என்று கொள்ளப்படுவதால், மருந்தும் இந்த நான்கின் நஞ்சையும் சேர்த்தே தயாராகிறது. சாரை பிடித்துக் கொண்டுவந்தால் சங்கத்தில் காசு கிடையாது. தோல்காரர்களிடம் அதிகம் போன பாம்பு சாரைதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்படைத்த பாம்பை மண்பானையில் வைக்கிறார்கள். அடியில் மணல், வாயில் துணி கட்டியிருக்கும். மண்பானை ஏன் என்றால், நம் வெயிலுக்கு உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், துணி வழியே காற்றும் போகும், இருட்டில் பாம்பும் அடங்கிக் கிடக்கும். சுமார் மூன்று வாரம் அது அங்கே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு முறை நஞ்சு எடுப்பார்கள். கொக்கியால் வெளியே எடுத்து, தலையின் பின்புறம் பிடித்து, மெல்லிய தாள் இழுத்துக் கட்டிய கண்ணாடிக் குடுவையின் வாயில் கடிக்க வைப்பார்கள். பல் தாளைத் துளைத்து உள்ளே போகும், நஞ்சு சொட்டும். சுற்றுலாப் பயணிகள் பார்ப்பதற்காக இது ஒரு காட்சியாகவும் நடக்கிறது. பார்ப்பவர் கண்ணில் படாத வேலை அதற்குப் பிறகு வருகிறது. திரவ நஞ்சை உறைய வைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பொடியாக்குவது. அப்படிப் பொடியானால் பல ஆண்டுகள் கெடாது. எடை போட்டு விற்கலாம்.

அளவு எவ்வளவு சிறியது என்பதை உணர்ந்தால்தான் இந்தத் தொழில் புரியும். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் தாராளமாகக் கொடுக்கும் பாம்புகள். அவற்றிலேயே ஒருமுறைக்குக் கிடைக்கும் உலர்ந்த நஞ்சை மில்லிகிராமில்தான் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் அதைவிட மிகக் குறைவு. சுருட்டை விரியன் நம் பக்கத்தில் சாண் அளவுக்குச் சற்று மேல் வளரும் குட்டைப் பாம்பு. ஒரு கிராம் சேர நூற்றுக்கணக்கான கடிகள் வேண்டும். எனவே எல்லாப் பாம்புக்கும் ஒரே விலை இருக்காது. நல்ல பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் கூடுதல், சுருட்டைக்குக் குறைவு. ஆனால் கிராமுக்குக் கணக்கிட்டால் விலை உயர்ந்தது சிறிய பாம்புகளின் நஞ்சுதான்.

மூன்று வாரம் முடிந்ததும் பாம்பின் வயிற்றுச் செதிலில் ஒரு சிறு வெட்டு அடையாளம் இட்டு, புதர்க்காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதே பாம்பை விரைவிலேயே யாராவது மறுபடி பிடித்து வந்தால் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும், வாங்க மாட்டார்கள். பலமுறை தோலுரித்த பிறகு தடம் மங்கும், அதற்குள் பாம்பு தேறியிருக்கும். பதிவேடு, வனத்துறை ஆண்டுதோறும் விதிக்கும் உச்ச எண்ணிக்கை, வயிற்று வெட்டு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இதைச் சட்டவிரோத வணிகத்திலிருந்து பிரிக்கின்றன. அந்த எண்ணிக்கை எல்லா வகைகளும் சேர்த்துச் சில ஆயிரங்களில்தான் இருக்கும். தோல் வணிகத்தின் லட்சங்களோடு இதை வைத்துப் பார்த்தால், அதே கை எவ்வளவு குறைவான பாம்பைத் தொட்டு எவ்வளவு நிலையான வருமானம் பெற முடிகிறது என்பது விளங்கும். தோலுக்காகப் பிடித்த பாம்பு ஒருமுறைதான் காசு தரும். நஞ்சுக்காகப் பிடித்தது உயிரோடு காட்டுக்குத் திரும்பி இரை தின்னும், இனம் பெருக்கும்.

சந்தையில் ‘பாம்பு நஞ்சு’ என்று பிடிபடும் மற்றவை வேறு ரகம். மேற்கு வங்கத்தில் எல்லைப் பகுதிகளில் அவ்வப்போது கனமான கண்ணாடி ஜாடிகள் பிடிபடுகின்றன. மேலே ‘பிரான்ஸ்’ என்று பொறித்திருக்கும், மதிப்பு பல கோடி என்று தலைப்புச் செய்தி வரும். அலங்கார ஜாடியில் தளும்பத் தளும்பத் திரவமாக நஞ்சு இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். எந்த மருந்துக் கம்பெனியும் அப்படி வாங்குவதில்லை. அவர்களுக்கு எந்த இனம், எந்த ஊர், எந்தத் தேதி என்று சான்று வேண்டும், பொடி வேண்டும். சோதனைச்சாலை முடிவு வருவதற்கு முன்பே கோடிகளை எழுதிவிடும் செய்திகள், இல்லாத ஒரு சந்தைக்கு ஆட்களைச் சேர்த்துக் கொடுக்கின்றன என்பது என் எண்ணம்.

இருளர் சங்கம் வெற்றி பெற்றதா? நாட்டின் மருந்து உற்பத்திக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இங்கிருந்துதான் போகிறது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இரண்டு உறுப்பினர்கள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை கண்டுபிடிப்பது உள்ளூர்க்காரர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. இவர்கள் முதல் எட்டு நாளிலேயே பதின்மூன்றைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இவற்றையெல்லாம் வைத்து வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எல்லைகள் உண்டு.

முதல் எல்லை, சங்கத்தில் இருப்பவர்கள் சில நூறு பேர்தான். இந்த வடமாவட்டங்களில் இருளர் தொகை அதைவிடப் பன்மடங்கு பெரியது. வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையை வைத்து, ஒரு ஆண்டில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை என்று கணக்குப் போட்டால் உச்சவரம்பு உடனே தெரிந்துவிடும். எண்ணிக்கையைக் கூட்டினால் பாம்புகளுக்கு ஆகாது. கூட்டாவிட்டால் ஆட்களுக்கு ஆகாது. அனுமதிக் கடிதம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். பருவம் தொடங்கிய பிறகு வந்தால் அந்த நாட்கள் போனவைதான்.

இங்கே காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை நினைத்துக்கொள்வது தவிர்க்க முடியாதது. நெசவாளி சங்கத்தில் பாவும் சரிகையும் வாங்கி, சேலையாக நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறார். சேலையின் விலையை அவர் தீர்மானிப்பதில்லை. இருளரும் அப்படித்தான். பிடித்த பாம்புக்குச் சங்கம் தரும் தொகை நிலையானது, நஞ்சுப் பொடியின் விலை வேறு ஓர் இடத்தில் பேசி முடிகிறது. தரகர் மறைந்தார், கடன் குறைந்தது. ஆனால் திறமை கீழ்ப்படியிலும் விலை மேல்படியிலும் இருக்கும் ஏற்பாடு முழுவதுமாக மாறவில்லை. சங்கம் வைத்ததால் மட்டும் அது மாறிவிடும் என்று நினைத்தவர்களைப் பட்டு ஏமாற்றியது போலப் பாம்பும் ஏமாற்றும்.

இரண்டாவது எல்லை நஞ்சிலேயே இருக்கிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் சுனாகர் குழுவினர் 2019 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. தமிழ்நாட்டு நஞ்சை அடிப்படையாகக் கொண்ட மருந்து, மேற்கிலும் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சில பாம்புகளின் கடிக்குச் சரியாக வேலை செய்வதில்லை. ராஜஸ்தானின் சிந்துக் கட்டுவிரியன் ஓர் உதாரணம். நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. எனவே இது வெறும் ஆய்வுக்கூட விவாதமல்ல. 2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக்கடித் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அந்தந்த வட்டார நஞ்சு வேண்டும் என்ற குரல் இனி வலுக்கத்தான் செய்யும். நோயாளிக்கு அது நல்லது. வடநெம்மேலிக்கு அது, கிட்டத்தட்டத் தனி வழங்குநராக இருந்த காலம் முடிவதற்கான அறிகுறி. பிற மாநிலங்களில் நஞ்சு எடுக்க நிலையங்கள் வந்தால், அங்கே பயிற்சி தர இருளர்களைத்தான் அழைக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். அழைப்பார்களா என்பது வேறு கேள்வி.

எல்லாப் பாம்புக்கும் இந்த வழி பொருந்தாது. மண்ணுளிப் பாம்பைப் பாருங்கள். இருதலைப் பாம்பு என்று சொல்லி, வீட்டில் வைத்தால் பணம் கொட்டும், மருந்தாகும், வெளிநாட்டில் கோடிக்கு வாங்குகிறார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. எடை கூடினால் விலை கூடும் என்பது கதையின் முக்கியமான பகுதி. அதற்காக அப்பாவிப் பாம்பின் வயிற்றில் பாதரசமும் இரும்புக் குண்டும் திணித்த சம்பவங்கள் உண்டு. உண்மையில் கடைசியாக வாங்குகிறவர் என்று ஒருவரும் இல்லை. ஒரு தரகர் அடுத்த தரகரை ஏமாற்றுகிறார். சங்கிலி எங்கேயோ அறுகிறது, பெரும்பாலும் காவல் நிலையத்தில். இங்கே பிடிப்பவருக்கு மாற்றுத் தொழில் கொடுத்து என்ன ஆகும்? தேவையே பொய்யாக இருக்கும்போது பொய்யைத்தான் உடைக்க வேண்டும். பிடிபட்ட பாம்பின் ‘சந்தை மதிப்பு’ என்று செய்திக் குறிப்பில் ஒரு தொகையை எழுதுவதை அதிகாரிகள் நிறுத்தினாலே பாதி வேலை முடியும்.

நட்சத்திர ஆமையின் கதை வேறு. அதற்குத் தேவை உண்மையானது, தென்கிழக்கு ஆசியாவில் செல்லப் பிராணியாக வளர்ப்பவர்களிடம் இருக்கிறது. ஆந்திரம், தமிழ்நாட்டின் புதர்க்காடுகளிலிருந்து எடுக்கிறார்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் துணி சுற்றிய குட்டிகளாகப் பிடிபடுகின்றன. இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் எடுக்கப்படுவதாக 2015இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2019இல் சைட்டிஸ் இதை முதல் இணைப்பில் ஏற்றி, பன்னாட்டு வணிகத்தை முழுவதுமாக மூடியது. பாம்புத் தோலில் பலித்த வாசல் தடுப்பு இங்கே ஏன் அந்த அளவு பலிக்கவில்லை? தோல் கப்பல் சரக்காகப் போனது. ஆமைக்குட்டி கைப்பெட்டியில் போகிறது. பிடிபட்டபின் இன்னொரு தலைவலி. எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரியாத நூற்றுக்கணக்கான ஆமைகளை எங்கே விடுவது? வெவ்வேறு ஊர் ஆமைகளைக் கலந்து ஓரிடத்தில் விட்டால் நோயும் போகும், மரபு வேறுபாடும் குழம்பும். பிடித்த அதிகாரிக்குப் பாராட்டு கிடைக்கும் நாளில்தான் அடுத்த பொறுப்பு தொடங்குகிறது, அதற்குப் பணமும் இடமும் ஒதுக்கியிருப்பது அரிது.

தண்டனை போதவில்லை என்பார்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் அட்டவணைகளை நான்காகச் சுருக்கியது, பல பாம்புகளை முதல் அட்டவணைக்கு உயர்த்தியது, அபராதத்தையும் கூட்டியது. முதல் அட்டவணை விலங்குக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. ஆனால் வழக்கு நிற்பதும் விழுவதும் வேறு இடத்தில் முடிவாகிறது. பொருளைக் கைப்பற்றியபோது சாட்சி யார், மகஜர் எப்போது எழுதப்பட்டது, முத்திரையிட்டது யார், இனம் எதுவென்று ஆய்வகம் உறுதி செய்ததா என்பவைதான் அங்கே கேள்விகள். விலங்கு தன் வசமிருந்தது நிரூபணமானால், சட்டத்துக்கு உட்பட்டே வைத்திருந்தேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பைச் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவர் மேலேயே போடுகிறது. இது அரசுத் தரப்புக்குப் பெரிய வலிமை. வக்கீல் வைக்க வசதியுள்ள வியாபாரியை இது அவ்வளவாக அசைப்பதில்லை. பையில் உடும்போடு பிடிபட்ட இருளருக்கோ நரிக்குறவருக்கோ இதிலிருந்து மீள வழியில்லை. அட்டவணை உயர உயர இந்த ஏற்றத்தாழ்வும் உயர்கிறது.

தண்டனையைத் தொடாத ஓர் ஏற்பாடு இதே வட்டாரத்தில் மிகப் பழையது. வேடந்தாங்கல் ஏரியில் நீர்ப்பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊர்மக்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798 வாக்கில் பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுலாக எழுதி வாங்கினார்கள். காரணம் இரக்கம் மட்டுமல்ல. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் உரமேறிய தண்ணீர். அது பாயும் நெல்லுக்கு உரச் செலவு குறைவு. பறவை உயிரோடு மரத்தில் உட்கார்ந்திருப்பதே விவசாயிக்கு வருமானம். பாம்பு நஞ்சிலும் அடிப்படை அதுதான். வேறுபாடு ஒன்று உண்டு. வேடந்தாங்கலின் ஆதாயம் ஏரியோடும் நெல்லோடும் கட்டப்பட்டது, யாரும் வாங்க வேண்டியதில்லை. நஞ்சுக்கு வாங்குபவர் வேண்டும்.

அந்த வாங்குபவர் எப்போதும் இருப்பாரா என்பது இப்போது எழும் கேள்வி. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்தெடுக்கும் முறை நூறாண்டுக்கு மேல் பழையது. குதிரையே இல்லாமல் ஆய்வகத்தில் செய்த ஓர் எதிர்ப்புரதத்தால் பல பாம்புகளின் நரம்பு நஞ்சை முறிக்க முடியும் என்று 2024இல் சுனாகரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து எலிகளில் காட்டினார்கள். அது மருந்தாகக் கடைக்கு வர ஆண்டுகள் ஆகும். விரியன்களின் நஞ்சுக்கு அதே வழி பலிக்குமா என்பதும் தனி ஆராய்ச்சி. ஆனால் வந்துவிட்டால் கிலோக்கணக்கில் நஞ்சு தேவைப்படாது. மருந்தைச் சோதிக்கச் சில கிராம் போதும். அந்த நாளுக்குள் இருளரின் தடம் அறியும் திறமையை வேறு எதற்கு விலை கொடுத்து வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். எலி பிடிக்கச் சம்பளம், குடியிருப்புகளில் பாம்பு பிடித்து விட மாநகராட்சி வேலை, காட்டுக் கணக்கெடுப்பில் தடம் பார்ப்பவர் பணி என்று மூன்று வழிகள் ஏற்கெனவே அங்கங்கே சிறிய அளவில் பேசப்படுகின்றன. தடை வந்த 1976இல் இப்படி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இந்தமுறை பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது கிடைக்கும்.